பம்பு செட்டுக்கு ஓர் உத்தரவாதப் பதிவேடு

கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் அமைந்துள்ள தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் தென்னையும், பாக்கும், வாழையும், காய்கறியும் செழித்து நிற்பதற்கு நொய்யலின் நீரோட்டம் எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் தோட்டந்தோறும் கிணற்றிலும் ஆழ்குழாயிலும் இறங்கியிருக்கும் மின்சார மோட்டார்களுமாகும். இந்நாட்டிலேயே செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டார் 1937-ஆம் ஆண்டில் கோவையில்தான் உருவாயிற்று. இன்றும் பம்பு செட்டு உற்பத்தியில் கோவைக்குத் தனிப் பெயருண்டு. தொழிற்சாலை பக்கத்திலேயே இருப்பதால், மோட்டார் பழுதுபட்டால் நேரில் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்ற துணிவு நம் விவசாயிகளிடம் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் தொழிற்சாலை வாசலில் போய் நின்றாலும் அங்கே முதலில் கேட்கப்படுபவை நான்கு விவரங்களே: என்று வாங்கினீர்கள், பில் எண் என்ன, மோட்டாரின் வரிசை எண் என்ன, யாரிடம் வாங்கினீர்கள் என்பவை அவை. இவற்றுக்கு விடை கூற இயலாதவருக்கு உத்தரவாதம் இருந்தும் இல்லாததே.

இவ்விடைகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கும் ஏடு ஒன்றை எவ்வாறு அமைப்பது, அதில் எந்தப் பத்தியில் எது தவறிப் போகிறது என்பதை இங்கு விளக்குவோம். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்று இதற்குப் போதும். பம்பு செட்டை முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். ஏனெனில், வீட்டிலுள்ள கிரைண்டரோ குளிர்சாதனப் பெட்டியோ பழுதுபட்டால் நான்கு நாள் பொறுக்கலாம்; கோடையில் பாக்கு மரங்கள் நீருக்கு ஏங்கி நிற்கும்போது மோட்டார் கருகினால் நான்கு நாள் பொறுப்பது எளிதன்று.

ஏட்டின் பத்திகள் அதிகம் வேண்டா. பொருளின் பெயரும் திறனும், அதன் வரிசை எண், வாங்கிய நாள், பில் எண், கடையின் பெயர், பொருத்திய நாள், உத்தரவாதம் முடியும் நாள், பழுது பார்ப்பவரின் முகவரியும் தொலைபேசி எண்ணும், கடைசியாகக் குறிப்பு. இவற்றுள் சில பத்திகளைப் பற்றிச் சொல்ல மிகுதியாக ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலில் வரிசை எண். நீர்மூழ்கி மோட்டாரின் உடலில் பதிக்கப்பட்டுள்ள பெயர்த்தகட்டில் இந்த எண்ணும், குதிரைத்திறனும், பல கம்பெனித் தகடுகளில் உற்பத்தி செய்த மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். மோட்டார் ஆழ்குழாய்க்குள் பல நூறு அடி ஆழத்தில் இறங்கிய பின்னர் அத்தகட்டை எவரும் படிக்க முடியாது. அதை அறிவதற்காக மட்டும் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மோட்டாரை மேலே தூக்குவதென்றால் ஆட்கூலியும் தூக்கு வண்டியின் வாடகையும் சேர்ந்துவிடும். ஆகவே மோட்டார் தரைமேல் கிடக்கும்போதே, இறக்குவோர் வேலையைத் தொடங்குமுன், எண்ணை ஏட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். கைப்பேசி உள்ளவர் தகட்டைப் படம் பிடித்தும் வைக்கலாம். எழுதிய எண்ணைப் பில்லிலும் உத்தரவாதச் சீட்டிலும் உள்ள எண்ணோடு உடனே ஒத்துப் பார்த்துவிட வேண்டும். கடையில் ஒரே மாதிரியான பெட்டிகள் பல அடுக்கியிருக்கும்போது ஒரு பெட்டியின் சீட்டு மற்றொரு பெட்டிக்குள் போய்விடுவது உண்டு. வாங்கிய அன்றே இது தெரிந்தால் கடைக்காரர் மாற்றித் தருவார். மோட்டார் கருகிய பிறகு தெரிந்தால், சீட்டு ஒரு மோட்டாருக்கும் பழுது மற்றொரு மோட்டாருக்கும் உரியதாகிவிடும். பம்பும் மோட்டாரும் இரு வேறு தகடுகளோடு வந்தால் இரண்டு எண்களையும் குறித்தல் வேண்டும்.

அடுத்தது பில் எண். கடைக்காரர் துண்டுக் காகிதத்தில் எழுதித் தரும் மதிப்பீட்டுச் சீட்டு பில் ஆகாது. விலையில் கொஞ்சம் குறைகிறது என்று அதை வாங்கிக்கொண்டு வருவோர் உத்தரவாதத்தையும் சேர்த்துக் குறைத்துக்கொள்கிறார்கள். முறையான பில்லில் விற்பவரின் ஜி.எஸ்.டி. எண்ணும், தொடர் எண்ணும், தேதியும் இருக்கும். அத்தொடர் எண் ஒரு நிதியாண்டுக்குள் மட்டுமே திரும்ப வராமல் இருக்க வேண்டும் என்பதே விதி. ஏப்ரல் பிறந்ததும் பல கடைகளில் எண்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிவிடும். அதனால் 412 என்று மட்டும் எழுதி வைத்தால், அது எந்த ஆண்டின் 412 என்று கடைக்காரரே தேட வேண்டியிருக்கும். எண்ணையும் தேதியையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பில்லைப் பற்றி இன்னொன்று. இக்காலத்தில் சில கடைகள் வழுவழுப்பான சிறு தாளில், மையின்றி வெப்பத்தாலேயே எழுத்துப் பதியும் இயந்திரத்தில் பில் தருகின்றன. தோட்டத்துச் சாளையில் வெயில் படும் இடத்தில் மாட்டி வைத்தால் சில மாதங்களிலேயே எழுத்து மங்கி வெற்றுத் தாளாகிவிடும். பாதுகாப்புக்கென்று அதைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துச் சூடேற்றி ஒட்டினாலோ தாள் முழுவதும் கறுத்துப் போகும். வாங்கிய வாரத்திலேயே நகல் எடுத்து ஏட்டில் ஒட்டுவதே தக்க வழி. மூலப் பில்லையும் எறிந்துவிடலாகாது.

இனி முடிவு நாளுக்கு வருவோம். இந்தப் பத்தியை நிரப்புவது எளிதென்று தோன்றும். “ஓர் ஆண்டு உத்தரவாதம்” என்று கடையில் சொன்னார்கள். வாங்கிய நாளோடு ஓர் ஆண்டைக் கூட்டினால் முடிந்தது என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். ஆனால் ஓர் ஆண்டு என்பது எந்த நாளிலிருந்து என்பதைச் சீட்டுத்தான் தீர்மானிக்கிறது. சில கம்பெனிகள் பில் தேதியிலிருந்து எண்ணுகின்றன. சில, பொருத்திய தேதியிலிருந்து எண்ணுகின்றன. வேறு சில சீட்டுகளிலும், டெண்டர் நிபந்தனைகளிலும், “பொருத்திய நாளிலிருந்து 12 மாதம், அல்லது தொழிற்சாலையிலிருந்து அனுப்பிய நாளிலிருந்து 18 மாதம், இவற்றுள் எது முந்தியதோ அது” என்ற வாசகம் காணப்படும். இந்த வாசகத்தின் பொருளை ஒரு கணக்கின் மூலம் பார்ப்போம்.

ஒரு விவசாயி 2025 மார்ச் 14-ஆம் தேதி மோட்டார் வாங்கினார் என்று கொள்வோம். ஆழ்குழாயைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்ததால் ஏப்ரல் 2-ஆம் தேதிதான் இறக்கினார். அந்த மோட்டார் தொழிற்சாலையிலிருந்து கடைக்கு 2024 ஜூன் 20-ஆம் தேதியே வந்து, ஒன்பது மாதம் கடையில் இருந்திருக்கிறது. பில் தேதியிலிருந்து எண்ணும் சீட்டானால் உத்தரவாதம் 2026 மார்ச் 13-இல் முடியும். பொருத்திய நாளிலிருந்து மட்டும் எண்ணினால் 2026 ஏப்ரல் 1-இல் முடியும். “எது முந்தியதோ அது” என்ற வாசகம் இருந்தாலோ, அனுப்பிய நாளிலிருந்து 18 மாதம் 2025 டிசம்பர் 19-ஆம் தேதியே நிறைந்துவிடுவதால் அன்றே முடிந்துவிடும். அவர் பணம் கொடுத்தது ஓர் ஆண்டு உத்தரவாதத்திற்கு. கிடைத்ததோ வாங்கிய நாளிலிருந்து ஒன்பது மாதமும் சில நாட்களுமே. 2026 பிப்ரவரியில் மோட்டார் பழுதானால், பில்லை மட்டும் பார்த்து நம்பிக்கையோடு செல்லும் அவர் ஏமாற்றத்தோடு திரும்ப நேரிடும்.

இதில் வஞ்சகம் ஏதுமில்லை. சீட்டில் அச்சிட்டபடியே நடக்கிறது. ஆயினும் வாங்குபவர் கவனித்தால் இதைத் தவிர்க்க முடியும். வாங்குமுன் பெயர்த்தகட்டில் உள்ள உற்பத்தி மாதத்தைப் பார்த்து, பல மாதம் பழையதாக இருந்தால் புதிய சரக்கைக் கேட்கலாம். அது கிடைக்காவிட்டால், பில் தேதியிலிருந்து ஓர் ஆண்டு என்று கம்பெனியின் எழுத்து மூலமான உறுதியைக் கடைக்காரர் வழியே கோரலாம். எப்படியாயினும் சீட்டிலுள்ள வாசகத்தை ஒருமுறை முழுதும் படித்து, மூன்று தேதிகளையும் கணக்கிட்டு, பொருந்தும் தேதி ஒன்றையே முடிவு நாள் பத்தியில் எழுத வேண்டும். “ஓர் ஆண்டு” என்று அப்பத்தியில் எழுதுவதால் பயனில்லை. நாள், மாதம், ஆண்டு மூன்றும் வேண்டும். மேலே கூறிய மோட்டாருக்கு ஏட்டுப் பதிவு இவ்வாறு அமையும்:

| பத்தி | பதிவு |
|---|---|
| பொருள் | நீர்மூழ்கி பம்பு செட், 7.5 குதிரைத்திறன், மும்முனை |
| வரிசை எண் | பம்பு, மோட்டார் இரண்டிற்கும், தகட்டில் உள்ளபடி |
| வாங்கிய நாள் | 14-3-2025 |
| பில் எண் | 412, தேதி 14-3-2025 |
| பொருத்திய நாள் | 2-4-2025 |
| உத்தரவாதம் முடியும் நாள் | 19-12-2025 (அனுப்பிய நாள் 20-6-2024 முதல் 18 மாதம்) |
| பழுதுக்கு அழைக்க | கம்பெனியின் சேவை நிலையம். அடுத்ததாக விற்ற கடை |
| குறிப்பு | புகார் எண்ணும் தேதியும், மாற்றிய பாகம் |

ஒரே பொருளுக்கு ஒரே முடிவு நாள்தான் என்றும் எண்ணிவிடக் கூடாது. குளிர்சாதனப் பெட்டிக்கு முழுமையாக ஓர் ஆண்டும், அதன் கம்ப்ரசருக்கு மட்டும் பல ஆண்டுகளும் உத்தரவாதம் தருவது வழக்கம். இன்வெர்ட்டர் பாட்டரிக்கு முதற் சில ஆண்டுகள் இலவசமாக மாற்றித் தரும் காலம், அதன் பின்னர் புதிய பாட்டரியின் விலையில் தள்ளுபடி மட்டும் தரும் காலம் என இரு கட்டங்கள் உண்டு. 2019-ஆம் ஆண்டு தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின்கீழ்ச் சூரியசக்தி பம்பு செட்டு பெற்றவர்களுக்கு, அதை அமைத்துக் கொடுத்த நிறுவனமே ஐந்தாண்டுகள் பராமரித்துத் தரக் கடமைப்பட்டுள்ளது. சூரியத் தகடுகளுக்கோ 25 ஆண்டுகள் வரை மின் உற்பத்தித் திறன் பற்றிய தனி உத்தரவாதம் தரப்படுகிறது. இப்பொருள்களுக்கு ஒரு வரியில் ஒரு தேதி எழுதினால் போதாது. பாகத்துக்கு ஒரு வரி ஒதுக்க வேண்டும். அரசு மானியத்தில் பெற்றதாயின் விண்ணப்ப எண்ணையும் குறிப்பில் எழுதுதல் நலம்.

பழுது பார்ப்பவர் பத்தியைத்தான் நம் விவசாயிகள் மிகவும் அலட்சியம் செய்கிறார்கள் என்று கூறுவோம். விற்ற கடை வேறு, கம்பெனி அங்கீகரித்த சேவை நிலையம் வேறு, ஊரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வேறு. மூவருமே மோட்டாரைப் பழுது பார்க்க வல்லவர்களாக இருக்கலாம். காயில் கட்டுவோரின் கைத்திறனில் நமக்குச் சிறிதும் ஐயமில்லை; கோவைப் பகுதியில் அத்தொழில் தழைத்து வளர்ந்திருக்கிறது. ஆனால் உத்தரவாதக் காலத்துக்குள் அங்கீகாரம் பெறாத ஒருவர் மோட்டாரைத் திறந்துவிட்டால், பெரும்பாலான சீட்டுகளின்படி உத்தரவாதம் அத்துடன் ரத்தாகிறது. மோட்டாரை மேலே தூக்கியவுடன், நீருக்குத் தவிக்கும் பயிரை எண்ணி, நேரே பட்டறைக்கு வண்டியைத் திருப்புவது இயல்பே. அந்த அவசரத்தில் சேவை நிலையத்தின் எண்ணைத் தேட எவருக்கும் பொறுமை இராது. ஆகவே எண் முன்னதாகவே ஏட்டில் இருக்க வேண்டும். வாங்கிய வாரத்தில் அந்த எண்ணுக்கு ஒருமுறை பேசி, அது வேலை செய்கிறதா, அந்நிலையம் நம் பகுதிக்கு ஆள் அனுப்புமா, மோட்டாரைத் தூக்கும் செலவு யாருடையது என்று கேட்டுவிடுவது நல்லது. தூக்கி இறக்கும் செலவைப் பல உத்தரவாதங்கள் ஏற்பதில்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

சேவை நிலையத்தார் மோட்டாரைத் திறந்து பார்க்கும்போது, குற்றம் பொருளிலா, பயன்படுத்திய முறையிலா என்றே முதலில் ஆராய்வர். மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை தவறிய நிலையில் மோட்டார் ஓடினால், நட்சத்திர இணைப்புள்ள மோட்டாரில் இரண்டு முனைகளின் காயில்கள் கருகி, மூன்றாவது முனையின் காயில்கள் நிறம் மாறாமல் இருக்கும். மின்னழுத்தக் குறைவாலோ மிகைச் சுமையாலோ கருகினால் மூன்றும் ஏறத்தாழ ஒன்றுபோல் கறுத்திருக்கும். நீரின்றி வறண்டு ஓடியிருந்தால் பம்பின் புஷ்களும் தேய்ப்புப் பாகங்களும் அதைக் காட்டிக் கொடுக்கும். இவையெல்லாம் உத்தரவாதத்துக்குப் புறம்பானவையாகவே பெரும்பாலும் கருதப்படும். எனவே ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒரு முனை தவறினால் நிறுத்தும் கருவியும், வறண்ட ஓட்டத்தைத் தடுக்கும் கருவியும் பொருத்தியிருந்தால் அவற்றின் பில் விவரத்தையும் அதே பக்கத்தில் எழுதி வையுங்கள். மோட்டார் இறக்கிய அன்று மீட்டரில் கண்ட வோல்ட், ஆம்பியர் அளவுகளையும் எழுதினால், நாம் ஒழுங்காகப் பொருத்தினோம் என்று காட்ட அது உதவும். பின்னாளில் ஆம்பியர் கூடிக்கொண்டே போனால் கருகுமுன்னரே கண்டுகொள்ளவும் அதே குறிப்பு பயன்படும்.

பழுது நேர்ந்து புகார் கூறும்போது, முடிவு நாளுக்குள் புகார் பதிவாக வேண்டும் என்பதே முக்கியம். பழுது பார்த்து முடிப்பது பிறகு நிகழலாம். தொலைபேசியில் கூறினால் புகார் எண்ணைக் கேட்டு, தேதியோடு குறிப்புப் பத்தியில் எழுத வேண்டும். கடைக்காரரிடம் வாய்மொழியாகச் சொன்னதற்கு எந்தச் சான்றும் இல்லை. உத்தரவாதம் முடிய இரண்டொரு நாளே இருக்கும்போது, “திங்கட்கிழமை பார்க்கலாம்” என்ற பதிலில் திருப்தி அடையாமல் அன்றே கம்பெனி எண்ணுக்கும் பேசிவிடுதல் நலம். மோட்டாரை ஒப்படைத்தால், வரிசை எண்ணும் தேதியும் எழுதிய ரசீது இல்லாமல் திரும்பக் கூடாது. ஒரு பாகத்தை மாற்றித் தந்தால் அன்றிலிருந்து புதிதாக ஓர் ஆண்டு தொடங்கும் என்று சிலர் நம்புகின்றனர். பெரும்பாலான சீட்டுகளில், மாற்றிய பாகத்துக்கும் முதலில் குறித்த காலத்தின் மீதிதான் கிடைக்கும். ஆகையால் முடிவு நாள் பத்தியை அடித்துத் திருத்த வேண்டா. மாற்றிய விவரத்தைக் குறிப்பில் மட்டும் எழுதுக. மோட்டாரையே முழுதும் மாற்றித் தந்தாலோ புதிய வரிசை எண்ணுக்குத் தனி வரி தேவை.

இவ்வளவும் செய்து நியாயமான கோரிக்கை மறுக்கப்பட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் முறையிடலாம். அதிலும் தீராவிடில் கோவையிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். கம்பெனி வேறு மாநிலத்தில் இருந்தாலும் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க இச்சட்டம் இடமளிக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் மனுவுக்குக் கட்டணமில்லை. வழக்குக்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். பயிர் செய்வது வியாபாரம், ஆதலால் விவசாயி நுகர்வோர் அல்லர் என்று எதிர்த்தரப்பார் வாதிடக் கூடும். விதை பற்றிய வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2012-ஆம் ஆண்டிலேயே விவசாயியும் நுகர்வோரே என்று தீர்ப்பளித்துள்ளது. ஆணையத்தின் முன் வைக்க வேண்டிய சான்றுகள் பில்லும், சீட்டும், புகார் எண்ணும், தேதியுமே. அவை அனைத்தும் ஏட்டின் ஒரே பக்கத்தில் இருக்கும்.

பஞ்சாயத்துகளுக்கும் இதே ஏடு பொருந்தும், சிறு வேறுபாட்டோடு. குடிநீர் ஆழ்குழாய் மோட்டார்கள், தெருவிளக்குகள், அலுவலகக் கணினி முதலியவை வரவுப் பதிவேட்டில் ஏறுகின்றன. ஆனால் அப்பதிவேடு பொருள் வந்ததையே காட்டுகிறது. உத்தரவாதம் முடியும் நாள் அதில் பெரும்பாலும் இடம் பெறுவதில்லை. பில் பணம் வழங்கிய சீட்டோடு சேர்ந்து கோப்புக்குள் போய்விடுகிறது. செயலர் மாறுகிறார், உறுப்பினர்கள் மாறுகிறார்கள், நீரேற்றும் பணியாளருக்கோ பில் எங்கே இருக்கிறதென்று தெரியாது. ஊருக்குத் தண்ணீர் நின்றதும் அவசரமாகப் பட்டறைக்கு மோட்டார் போய், உத்தரவாதத்துக்குள் இருந்த பொருளுக்கே பஞ்சாயத்து நிதியிலிருந்து கூலி வழங்கப்படுகிறது. இதைத் தடுக்க இரண்டு ஏற்பாடுகள் போதும். பழுது பார்ப்புச் செலவுக்கான பில் கூட்டத்தின் முன் வரும்போது, அப்பொருளின் உத்தரவாதப் பக்கத்தையும் உடன் வைக்கும்படி உறுப்பினர்கள் கேட்கலாம். ஒப்பந்ததாரரின் பிணைத் தொகை உத்தரவாதக் காலம் வரை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால், அதைத் திருப்பித் தருமுன் முடிவு நாள் கடந்துவிட்டதா, நிலுவைப் புகார் உண்டா என்று அதே பக்கத்தில் பார்க்கலாம்.

தெருவிளக்குகளுக்கு ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் எழுதுவது சிரமமே. ஒரே பில்லில் வந்தவற்றை ஒரு தொகுதியாக எழுதி, கம்ப எண்ணை மட்டும் எதிரே குறித்தால், எரியாத விளக்கு எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்பது தெரிந்துவிடும். ஏட்டின் ஒரு நகலை நீரேற்று அறையின் ஸ்டார்ட்டர் பெட்டிக்கருகே மாட்டிவிட்டால், அதிகாலையில் மோட்டார் நின்றாலும் அலுவலகம் திறக்கும்வரை பணியாளர் காத்திருக்க வேண்டியதில்லை. அங்கிருந்தே சேவை நிலையத்துக்குப் பேசிப் புகார் எண்ணைப் பெற்றுக்கொள்வார்.